கவரிங் லெட்டரில் என் வீடு

கோவில்பத்து வீடு என் பெயரில் இருக்கிறது. அப்பா எழுதிக் கொடுத்தது. என் கணவர் குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரர். வேலையில் சூரர், நாலு வரி எழுதச் சொன்னால் ஆளைக் காணோம். டெண்டரோடு போகிற கடிதமெல்லாம் என் தலையில்தான்.

போலகம் பக்கம் ஒரு தொழிற்சாலை, தண்ணீர்க் குழாய் வேலைக்கு டெண்டர் கேட்டிருந்தது. இருபது சதவீதம் முன்பணம், மீதி வேலை முடிந்ததும் என்று எழுதச் சொன்னார் இவர். முன்பணம் வாங்கினால் அந்தத் தொகைக்கு வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். தொழிற்சாலை கேட்ட மாத்திரத்தில் வங்கி காரணம் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடும். பிறகு எங்களைப் பிடிக்கும். எங்களை என்றால், அதற்கு ஈடாக வைக்கும் என் வீட்டை.

எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் வேண்டும் என்பதை நாமே சொல்லலாம் என்று டெண்டரில் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. முன்பணத்தையே எடுத்துவிட்டேன். குழாய் வந்து இறங்கியதும் நாற்பது, பதித்ததும் நாற்பது, சோதனை முடிந்ததும் இருபது. வேலையை ஒழுங்காக முடிப்போம் என்று கொடுக்கும் சின்ன உத்தரவாதத்துக்கு வங்கியில் இருக்கும் எங்கள் டெபாசிட்டே போதும்.

"அட்வான்ஸ் இல்லாம குழாய எவன் தருவான்? போன தடவ கடன் சொன்னதுக்கே கடக்காரரு மொறச்சாரு" என்றார்.

முன்பணத்தைத் திரும்பச் சேர்த்தேன். எரிச்சலாக இருந்தது.

அப்புறம் உத்தரவாத வாசகத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பில்லிலும் முன்பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார்கள். கழிக்கக் கழிக்க உத்தரவாதத் தொகையும் குறைய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் கொடுத்த வாசகத்தில் அது இல்லை. கடைசி நாள்வரை முழுத் தொகையும் நிற்கும். கடிதத்தில் அதை முதலில் நிபந்தனையாக எழுதினேன். அப்புறம் கோரிக்கையாக்கினேன். பிறகு 'இயன்றால் பரிசீலிக்கவும்' என்று கூனிக் குறுகி எழுதினேன்.

இவர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "கண்டிஷன் போட்டா டெண்டரத் தள்ளிருவோம்னு போட்டுருக்கானே. நீ கெஞ்சுனாலும் அது கண்டிஷன்தான். ஆளுங்க வேல இல்லாம உக்காந்துருக்காங்க, தெரியுமுல்ல?"

தெரியும். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்த வரியை எடுத்துவிட்டு, 'தங்கள் உத்தரவாத வாசகத்தை எந்த மாற்றமும் இன்றி ஏற்கிறோம்' என்று எழுதி அனுப்பினேன்.

வேலை எங்களுக்கே கிடைத்தது. காரைக்கால் வங்கியில் அதிகாரி வீட்டுப் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"வீடு உங்க பேர்ல இருக்கும்மா. உத்தரவாதத்துல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "படிக்கிறதாவது? லெட்டரே இவங்க எழுதுனதுதாங்க. ஒரு கண்டிஷன் கெடையாது, அவ்வளவு சுத்தம்." முகமெல்லாம் பெருமை.

"அப்பச் சரி" என்று அதிகாரி பேனாவை என் பக்கம் நீட்டினார்.