தபால் நிலைய வட்டி

கொல்லிமலை சுகாதார நிலையத்தில் நான் செவிலியர். கணவர் நாமக்கல்லில் உரக்கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை இறங்கி, திங்கள் விடியலில் ஏறுவேன். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலைப்பாதை வளைவுகள் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் எனக்கு. தூக்கம் வராது, ஆனால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

சம்பளம் என் பெயரில் வந்தாலும் வங்கி அட்டை அவரிடம். என் வருமான வரிக் கணக்கையும் ஆடிட்டரை வைத்து அவரே முடித்துவிடுவார். வரித்துறை இணையதளத்தில் என் பெயருக்கு எதிரே இருக்கும் கைபேசி எண்கூட அவருடையதுதான். கடைசியில் ஆதார் ஓடிபி மட்டும் என் போனுக்கு வரும். அந்த நேரம் அவர் அழைப்பார், நான் சிக்னல் இருக்கும் மேட்டில் நின்று ஆறு எண்களை ஒப்பிப்பேன். என் வரிக்கணக்கில் எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

அந்த டிசம்பரில் வேறொன்றுக்காக அழைத்தார். வரித்துறையிலிருந்து குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வந்திருக்கிறதாம். ஆண்டுத் தகவல் அறிக்கையில் தபால் நிலைய வட்டி என்று ஒரு தொகை இருக்கிறது, தாக்கல் செய்த கணக்கில் அது இல்லை, சரிபார்க்கவும் என்று. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உனக்கேது போஸ்ட் ஆபீஸ்ல டெபாசிட்டு? வேற யாரோடதோ மாறி வந்திருக்குது. உன்னோடது இல்லைன்னு போட்டுட ஆடிட்டர்கிட்டச் சொல்லீட்டேன்."

சரிங்க என்று வைத்துவிட்டேன்.

டெபாசிட் என்னுடையதுதான். மலையில் சாப்பாட்டுக்கு என்று மாதாமாதம் அவர் என் கையில் தரும் பணத்தில் பிடித்த மிச்சம் அது. களியும் மரவள்ளிக் கிழங்கும் தின்று ஓட்டிய நாட்களெல்லாம் மலைத் தபால் நிலையத்தில் வைப்புத்தொகையாகக் கிடந்தன. எதற்கென்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. யாரிடமும் கேட்காமல் எடுக்க ஒரு பணம் வேண்டும், அவ்வளவுதான். அந்த வட்டிக்கு யாரும் வரி பிடிக்கவில்லை என்பதால் கணக்கில் காட்ட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கணக்குத் தொடங்கும்போது பான் அட்டை நகலைக் கொடுத்தவளே நான்தான். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை.

பேசாமல் இருந்திருக்கலாம். என்னுடையது இல்லை என்று அவர் போட்டுவிடுவார், வீட்டில் சண்டை வராது. ஆனால் என் பணத்தை என்னுடையதில்லை என்று என் பெயரிலேயே எழுதித் தருவதா? சனிக்கிழமை பேருந்திலிருந்து இறங்கி நேராக ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனேன். கணவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்.

ஆடிட்டர் வயதானவர், நிதானமானவர். இன்னும் எதையும் பதியவில்லை என்றார். கணக்கு இந்தப் பான் எண்ணில் இருக்கிறது, இல்லையென்று மறுத்தால் தபால் நிலையத்தையே கேட்பார்கள், அதனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காத்திருந்தாராம்.

"அதெல்லாம் கேக்க வேண்டாமுங்க. இவளுக்கு அப்படி ஒண்ணுமே கெடயாது" என்றார் கணவர்.

"இருக்குதுங்க, அது என்னோடதுதான்" என்றேன்.

ஆடிட்டர் எங்கள் இருவரையும் பார்க்காமல் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர். சேமிப்புக் கணக்கின் சொற்ப வட்டிக்கு விலக்கு உண்டு, வைப்புத்தொகை வட்டி முழுவதுக்கும் வரி உண்டு என்று விளக்கினார். அறிக்கையில் அந்தத் தகவல் சரி என்று பதிந்தார். வட்டியைப் பிற வருமானத்தில் சேர்த்து, கூடுதல் வரியையும் தாமதத்துக்கான வட்டியையும் முதலில் கட்டச் சொன்னார். கட்டினேன். பழைய கணக்கின் ஒப்புகை எண்ணைக் குறித்துத் திருத்திய கணக்கைத் தயார் செய்தார். டிசம்பர் முடிவதற்குள் வந்தது நல்லதாய்ப் போயிற்று, அதன்பிறகு இந்த வழி அடைந்துவிடும் என்றார். முந்தைய ஆண்டுகளையும் பார்த்துவிட வேண்டும், அதற்குத் தனி வழி, கூடுதல் செலவு என்றார். சரி என்றேன். அலுப்பில் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் தளத்தில் கணவர் எண்ணுக்குப் பதிலாக என் எண்ணை மாற்றித் தரும்படி கேட்டது அலுப்பில் இல்லை. மாற்றித் தந்தார். சரிபார்ப்புக்கான ஓடிபி வந்தபோது யாருக்கும் ஒப்பிக்காமல் நானே தட்டினேன்.

அன்றும் மறுநாளும் கணவர் கடைக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏமாற்றிவிட்டாய் என்பார், யாருக்காகச் சேர்த்தாய் என்பார் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். திங்கள் விடியலில் வண்டியில் பேருந்து நிலையம் கொண்டுவந்து விட்டார். பையை எடுத்துக் கையில் கொடுத்தவர் அதை விடவில்லை.

"அந்தப் பணம் சாப்பாட்டுக்குக் குடுத்ததுதானே? அப்ப அங்க நீ என்னதான் சாப்புடற?"

இத்தனை வருடத்தில் அவர் அதை ஒருநாளும் கேட்டதில்லை.