கை மிச்சம்

கவுண்டரில் ஒரு ஜெல் டியூபைப் பொத்தென்று வைத்தார் அந்தப் பாட்டி. "இது மருந்தா, ஆசிட்டா? நீயே சொல்லு. என் பேத்தி மூஞ்சியப் பாரு, தோல் உரியுது!" என்றார்.

மலேசியாவின் கிள்ளான் நகரில் முப்பது வருஷமாக மருந்துக் கடை நடத்துகிறேன். நான் படித்த மருந்தாளர். சட்டென்று கோபம் வரும் ஆளும்கூட. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவளுக்கு அது ஆகாது என்று தெரிந்தும் மாற்றிக்கொள்ள முடியவில்லை. அன்று அந்தக் கோபம் தவறான ஆள் மேல் பாய்ந்தது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பாட்டிக்குப் பின்னால் மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றவள் ஷர்மினி. பக்கத்து ஊரான காப்பாரில் பாட்டியோடு இருக்கிறாள். அம்மாவுக்கு சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். தினமும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் பிடித்து, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு காலேஜில் ஹோட்டல் படிப்பு படிக்கிறாள். ஐந்து வாரம் முன்பு தோல் டாக்டரின் சீட்டோடு என்னிடம் வந்திருந்தாள். ராத்திரிக்கு அடாபலீன் ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு. பருவுக்கு வழக்கமான ஜோடிதான்.

அன்றைக்கு எல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன். பட்டாணி அளவு போதும். பரு மேல் மட்டும் வைக்காமல் முகம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். கண், மூக்கோரம், உதடு பக்கம் போகக் கூடாது. முதல் சில வாரம் காயும், உரியும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். கடைசியில் கேட்டேன்: "முகத்துக்கு எண்ணெய் கிண்ணெய் போடுறியா?"

"இல்ல ஆன்டி, ஒண்ணுமே போடறதில்ல."

அந்தப் பதிலை அப்படியே நம்பி அனுப்பிவிட்டேன்.

இப்போது மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். மூக்கோரம் உரிந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கண் ஓரங்கள் சிவந்து கிடந்தன. நெற்றியில் முடி தொடங்கும் இடம், நெற்றிப்பொட்டு, இரண்டு கன்னம், தாடை எல்லாம் புதிதாகப் பொடிப்பொடியாய்ப் பரு. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"பரு சீக்கிரம் போகணும்னு ஜெல்ல அள்ளி அப்பினியா? கண்ணு வரைக்கும் போட்டிருக்கியே!" என்று குரலை உயர்த்தினேன்.

"சத்தியமா பட்டாணி அளவுதான் ஆன்டி. கண்ணுகிட்ட போகவே இல்ல." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "பரவால்ல, நான் நிறுத்திடறேன். லெக்சரருக்கு லெட்டர் எழுதிட்டேன்."

என்ன லெட்டர் என்று கேட்டேன். ஒன்பது வாரத்தில் அவளுக்குப் பிராக்டிக்கல், அதாவது வேலையிடத்தில் பயிற்சி. கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் கிடைத்திருக்கிறது. வகுப்பில் மூன்று பேருக்குத்தான் அந்த இடம். கவுண்டரில் மாஸ்க் போட விடமாட்டார்கள். அதனால் தன்னை லாண்டரி பிரிவுக்கு மாற்றச் சொல்லி எழுதி வைத்திருக்கிறாள்.

"துணி மடிக்கிற இடத்துல மூஞ்சிய யாரு பாக்கப் போறா?" என்றாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முடியோரத்துப் பருவை மறுபடி பார்த்தேன்; தலை எண்ணெய் இறங்கும் இடமாயிற்றே என்று தோன்றியது. பாட்டி பக்கம் திரும்பி, "தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறீங்க?" என்றேன்.

"தேங்கா எண்ணெய்தான். தூங்கப் போறதுக்கு முன்னாடி நான்தான் வச்சுப் பின்னி விடுவேன். மூஞ்சிக்கெல்லாம் போடறதில்ல. டாக்டர் வேணாம்னு சொன்னதா இவ சொன்னா."

"எப்படி வைப்பீங்க, செஞ்சு காட்டுங்க."

பாட்டி ஷர்மினியை முன்னால் நிறுத்தினார். இல்லாத எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினார். உச்சியில் தட்டினார், நெற்றிப்பொட்டில் தேய்த்தார், முடியின் நுனிவரை உருவினார். அதோடு நிற்கவில்லை. இரண்டு கையையும் பேத்தியின் நெற்றியில் வைத்து, கண்ணோரமாக இழுத்து, கன்னம், தாடை என்று வழித்துக் கீழே இறக்கினார். ஷர்மினியும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது என்ன பாட்டி?"

"இதா? இது எண்ணெய் போடறது இல்லம்மா. கை மிச்சம்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் அம்மாவும் எனக்கு அப்படித்தானே செய்தார்! தலைக்கு வைத்தது போக மிச்சத்தைப் பிள்ளையின் முகத்தில் துடைக்காத தமிழ் வீடு எது? அதை யாரும் முகத்துக்கு எண்ணெய் போடுவதாக எண்ணுவதில்லை. ஷர்மினி பொய் சொல்லவில்லை. நான் கேட்டதுதான் தப்பு.

அப்புறம் எல்லாம் விளங்கியது. படுக்கும் முன் அவள் ஜெல் தடவுகிறாள். பத்து நிமிஷத்தில் பாட்டியின் கை வந்து, அந்த ஜெல்லை எண்ணெயோடு சேர்த்துக் கண்ணோரத்துக்கும் மூக்கோரத்துக்கும் இழுத்து விடுகிறது. ஜெல்லின் வேலை தோல் துளைகளில் அடைப்பு உண்டாகாமல் பார்ப்பது. தேங்காய் எண்ணெயோ பரு வரும் முகத்தில் துளையை அடைக்கும். தோல் உரிவதைப் பார்த்த பாட்டி, காய்கிறதே என்று எண்ணெயைக் கூட்டியிருக்கிறார். பரு கூடியதைப் பார்த்த பேத்தி, ஒரு ராத்திரிகூட விடாமல் ஜெல் போட்டிருக்கிறாள்.

பாட்டி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "அப்ப என் கைதான் கெடுத்துச்சா?"

"உங்க கை இல்ல பாட்டி. நான்தான் அன்னைக்குச் சரியா கேக்கல," என்றேன். ஷர்மினியிடமும் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"இனிமே நானே பின்னிக்கிறேன் லா பாட்டி," என்றாள் ஷர்மினி. பாட்டியின் முகம் விழுந்துவிட்டது. நாள் முழுக்க வெளியே இருக்கும் பெண் பாட்டியின் கைக்குக் கிடைப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னபடி, எரிச்சல் அடங்கும்வரை இரண்டு மருந்தும் நிறுத்தம். மைல்டான ஃபேஸ்வாஷும், துளை அடைக்காத மாய்ஸ்சரைசரும் மட்டும். பிறகு ஜெல் ஒருநாள் விட்டு ஒருநாள், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு. அது பழகிய பின் காலை மருந்து. அது பட்ட துணி வெளுக்கும், வெள்ளைத் துண்டாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் கட்டாயம்.

எண்ணெய்க்கு வெள்ளிக்கிழமை. அன்று மதியம் வகுப்பில்லை. வைத்து ஒரு மணி நேரத்தில் தலையைக் குனிந்து ஷாம்பு போட்டு அலச வேண்டும்; முகத்தைக் கடைசியில் கழுவ வேண்டும்; தலையணை உறையை மாற்ற வேண்டும். மற்ற நாள் பாட்டி பின்னலாம், எண்ணெய் கிடையாது.

"அந்த மிச்சத்த எங்கதான் துடைக்கிறது?" பாட்டி விடவில்லை.

"காலுக்குத் தேய்ங்க பாட்டி. காலுல எவ்ளோ வேணாலும் தேய்க்கலாம்."

ஷர்மினி என்னைப் பார்த்தாள். "ஒன்பது வாரத்துல போயிடுமா ஆன்டி?"

"முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். புதுசா வர்றது குறையும். கறுப்புத் தழும்பு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்."

அவள் பையிலிருந்து லெட்டரை எடுத்தாள். நான்காய் மடித்து மறுபடி உள்ளேயே வைத்தாள். "இத இப்ப குடுக்கல. பாத்துக்கலாம்," என்றாள்.

வாரம் ஒரு தடவை, அதே ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுக்கச் சொன்னேன். மூன்றாம் வாரம் வித்தியாசமே இல்லை. அவள் மாய்ஸ்சரைசர் வாங்கிக்கொண்டு போனாள். ஆறாம் வாரம் நெற்றி தெளிந்தது. எட்டாம் வாரம் அந்த லெட்டரைக் கிழித்துவிட்டதாகச் சொன்னாள்.

இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களிடம், "எண்ணெய் போடுறியான்னு கேக்காதீங்க. தலைக்கு யார் எண்ணெய் வைக்கிறாங்க, வச்ச கைய எங்க துடைக்கிறாங்கன்னு கேளுங்க," என்கிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், ஆனால் கேட்கிறார்கள்.

பிராக்டிக்கல் தொடங்கிய இரண்டாம் வாரம் ஷர்மினி ஹோட்டல் யூனிபார்மிலேயே கடைக்கு வந்தாள். மாஸ்க் இல்லை. கன்னத்தில் தழும்பு இருந்தது, தாடையில் ஒரு பருவும் இருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

"எட்டு மணி நேரம் நிக்கணும் ஆன்டி. கால் விட்டுப் போகுது."

"பாட்டி என்ன சொல்றாங்க?"

"வீட்டுக்குள்ள நுழைஞ்சதுமே எண்ணெய எடுத்துட்டு வந்து காலை நீட்டுன்னு உக்காந்துடறாங்க," என்று சிரித்தாள். "மூஞ்சி எனக்காம், காலு அவங்களுக்காம்."