ஜெபராணி எடுக்கச் சொன்ன வார்த்தை

1963-இல் சாத்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்ட். பால்துரை என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. டைப் அண்ணன் என்றால் எல்லாருக்கும் தெரியும். வருடா வருடம் பிப்ரவரியில் ஒவ்வொரு நர்சும் தான் செய்த வேலையை ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும். கமிட்டி அதைப் படித்து, ஆளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுப் பதவி உயர்வு தரும்.

ஜெபராணி தீக்காய வார்டு நர்ஸ். பட்டாசு ஆலைகளில் வெந்து வருகிறவர்களை முதலில் தொடுவது அவள் கைதான். ஆனாலும் தலைமை நர்ஸ் பதவி இரண்டு வருடமாகக் கை நழுவிப் போனது. போகாமல் என்ன செய்யும்? ‘இம்ப்ரூவ் செய்தேன், இம்ப்ரூவ் செய்தேன்’ என்று ஏழு இடத்தில் எழுதியிருப்பாள். எதை, எப்படி என்று ஒரு வரி இருக்காது. டைப் அடிக்கிற எனக்கே எரிச்சல் வரும்.

அந்த வருடம் நான் அகராதியைப் புரட்டினேன். என்ஹான்ஸ், ரிஃபைன், அப்கிரேட், பூஸ்ட் என்று நாலு கிடைத்தது. எல்லா நர்சுகளின் தாளிலும் தாளிப்புக்குக் கடுகு போடுவதுபோலத் தூவிவிட்டேன். எல்லாருக்கும் ஏக சந்தோஷம். ஜெபராணி மட்டும் தாளோடு வந்து நின்றாள்.

“அண்ணே, இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?”

“எல்லாம் முன்னேத்தந்தான் தாயி.”

“ஒரே அர்த்தம்னா எதுக்கு நாலு?”

மறுபடி அகராதியைப் பிரித்தோம். ரிஃபைன் என்றால் இருக்கிற முறையையே நுணுக்கிச் சீராக்குவது.

“புண்ணுல ஒட்டின கட்டுத்துணியை முன்னே உரிச்செடுத்தோம். இப்ப உப்புத்தண்ணியில ஊறவச்சு எடுக்கேன். அதுக்கு இது சரி.”

பூஸ்ட் என்றால் உந்தி உயர்த்துவது. ஞாயிறுதோறும் அவள் பட்டாசுத் தொழிலாளர்கள் இருக்கிற நாரணாபுரம் போய்ப் பேசியதில், கட்டு மாற்றிக்கொள்ள மறுபடி வருகிறவர்கள் மாதம் பதினெட்டிலிருந்து ஐம்பத்திரண்டு ஆகியிருந்தார்கள். என்ஹான்ஸ் என்றால் நல்லதன் மதிப்பைக் கூட்டுவது. டாக்டரிடம் கேட்டு நோயாளிச் சாப்பாட்டில் முட்டை சேர்த்ததற்கு அதைப் போட்டோம். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அடுத்தது அப்கிரேட், தரத்தையே மேல்படிக்கு ஏற்றுவது.

“வார்டு அப்படியேதான இருக்கு. இதை எடுத்துருங்க.”

“எல்லார் தாள்லயும் இருக்கு. உனக்கு மட்டும் இல்லைன்னா இந்த வருசமும் போச்சு.”

“போகட்டும் அண்ணே.”

கமிட்டி அன்று குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். பெரிய டாக்டர் ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி கேட்டார்: “அப்கிரேட் செஞ்சிருக்கீங்களே, எதை?” முதலில் வந்த மூன்று நர்சுகளும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடைசியில் ஜெபராணி.

“உங்க தாள்ல மட்டும் அது இல்லையே?”

“செய்யலை ஐயா. தீக்காயக்காரங்களுக்குத் தனி அறையும் கொசுவலையும் குடுங்க. செஞ்சுட்டு எழுதுதேன்.”

என் பென்சில் முனை ஒடிந்தது. அதைச் சீவி முடிப்பதற்குள் கமிட்டி பேசியது பாதி காதில் விழவில்லை. பதவி கிடைத்தது என்பது மட்டும் தெளிவாக விழுந்தது.

அடுத்த பிப்ரவரியில் தலைமை நர்ஸ் ஜெபராணி என் மேஜைக்கு வந்தாள். ஆறு கட்டில், ஆறு வலையோடு தனி அறை வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

“அண்ணே, போன வருசம் எடுத்த அந்த வார்த்தையை இப்பப் போடுங்க.”

போட்டேன். அகராதி தேவைப்படவில்லை.