ஆறே காலால் பெருக்கிய பதினான்கு மாதம்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குச் சொட்டு அக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான். உணவில் எவ்வளவு புரதம் என்று பார்க்கும் மேசை இருபத்தாறு வருடமாக அவருடையது. நீளமான கண்ணாடிக் குழாயின் திருகில் இடது கை, அடியில் குடுவையைச் சுழற்றிக்கொண்டு வலது கை. அமிலம் சொட்டுச் சொட்டாக விழும். பச்சையாக இருக்கிற நீர் ஏதோ ஒரு சொட்டில் வெளிறிய சிவப்பாகும். அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். முன்னால் நிறுத்தினால் புரதம் குறையும், தாண்டிவிட்டால் கூடும். அந்த நேரம் பக்கத்தில் இடி விழுந்தாலும் அக்கா திரும்ப மாட்டார்.

நான் பதிவு மேசைக்காரி. பொட்டலம், டப்பா, புட்டி எது வந்தாலும் எண் போட்டு, கணினியில் ஏற்றி, கடைசியில் அறிக்கையை அச்சடிப்பது என் வேலை. எனக்கு வாய் ஓயாது. அக்காவுக்கு வாயே கிடையாது. காலை வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார். மதியம் எல்லோரும் கூடத்தில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் தன் மேசைக்குப் பின்னால் இருக்கிற முக்காலியில், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். திமிர் என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அப்பா இருந்தவரை அவரைக் கவனித்துக்கொண்டு இருந்துவிட்டார், கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் எங்கோ தூரத்தில் இருக்கிறான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு முறை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது கோப்பு ஒன்று வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். செருப்பு தைக்கிற கடைக்கு மேலே ஒற்றை அறை. வானொலி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே போகும்போதும் அணைக்க மாட்டாராம். திரும்பி வந்து கதவைத் திறக்கிறபோது உள்ளே ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்றுதான் என்று சொன்னார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்கும் பரீட்சை உண்டு. ஒரே பொருளை முப்பது ஆய்வகங்களுக்கு அனுப்பி, யார் என்ன சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்த வருடம் பால் பவுடர் வந்தது. மற்ற எல்லோரும் நூற்றுக்கு இருபத்தாறை ஒட்டியே சொல்லியிருந்தார்கள். எங்களுடையது 25.47. கேட்டால் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்த வேலையில் அது தோல்வி.

மேலாளர் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை. அக்காவைக் கூப்பிட்டு, வயதானால் கண் மங்குவது இயற்கை, சிவப்பு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறீர்கள் போலிருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். மாதக் கடைசிவரை நேரம் கொடுத்தார். அதற்குள் குறை எங்கே என்று தெரியாவிட்டால் கீழ்த்தளத்துக் கோப்பறைக்கு மாற்றம். கோப்பறைக்கு ஜன்னல் இல்லை, வேறு ஆளும் இல்லை. அந்த மேசையை விட்டால் அக்காவுக்கு உலகத்தில் வேறொன்றும் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவரே தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அரை நாள் விடுப்பு எடுத்துக் கண் மருத்துவமனைக்குப் போனார். கண்ணில் மருந்து விட்டால் பார்வை கலங்கும், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். யாரும் இல்லை என்றதும், கலக்கம் தெளிகிறவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள். நான்கு மணி நேரம் மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை யாரிடமும் காட்டவில்லை. காட்ட யார் இருக்கிறார்கள்?

பிறகு அதே பால் பவுடரை ஏழு தடவை பார்த்தார். நைட்ரஜன் இவ்வளவுதான் என்று முன்பே தெரிந்த ஓர் உப்பையும் அதே முறையில் போட்டுப் பார்த்தார். உப்பு சரியாக வந்தது. அப்படியென்றால் கையும் சரி, கண்ணும் சரி. ஒரு மத்தியானம் கையில் பழைய நோட்டோடு என் மேசைக்கு வந்தார். அவர் தானாக என்னைத் தேடி வந்தது அதுவே முதல் தடவை.

"இந்தக் கம்ப்யூட்டர் பாலுக்கு எத்தனையால பெருக்குது?"

எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை. நாம் புரதத்தை நேராக அளப்பதே இல்லையாம். பொருளை அமிலத்தில் கொதிக்க வைத்து, அதில் இருக்கும் நைட்ரஜனை மட்டும்தான் பிடித்து அளக்கிறோம். அதை ஓர் எண்ணால் பெருக்கினால் புரதம்.

"சட்டை மூட்டைய பிரிக்காம, பட்டனை மட்டும் எண்ணி எத்தனை சட்டைன்னு சொல்ற மாதிரி. எல்லாச் சட்டைக்கும் ஒரே மாதிரியா பட்டன் இருக்கும்?"

பொதுவாகப் புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வார்கள். நூறைப் பதினாறால் வகுத்தால் ஆறே கால். மாட்டுத் தீவனத்துக்கு அந்த எண்தான் வழக்கம். ஆனால் கோதுமைப் புரதம் எந்தத் துண்டுகளால் ஆனதோ அவற்றில் நைட்ரஜன் அதிகம். பட்டன் அதிகமுள்ள சட்டை. அதனால் 5.70 ஆல் பெருக்கினால் போதும். நிலக்கடலையில் இன்னும் அதிகம், 5.46. பால் புரதத்தில் கொஞ்சம் குறைவு, அதனால் 6.38. அக்கா நோட்டைத் திறந்து காட்டினார். பால் பவுடரில் அவர் கண்ட நைட்ரஜன் 4.075. அதை 6.38 ஆல் பெருக்கினால் இருபத்தாறு. ஆறே காலால் பெருக்கினால் 25.47.

நான் கணினியில் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பால், கோதுமை, கடலை, தீவனம், எல்லாவற்றுக்கும் நேராக ஒரே எண் இருந்தது. ஆறே கால். அதை அங்கே போட்டவளே நான்தான்.

பதினான்கு மாதத்துக்கு முன் இந்தக் கணினி வந்தது. அதுவரை கடைசிக் கணக்கையும் அக்காவே போட்டுக்கொண்டிருந்தார், எந்த உணவுக்கு எந்த எண் என்பது அவர் தலைக்குள்ளேயே இருந்தது. கணினி வந்தபின் அவர் எடையையும் அமில அளவையும் எழுதிக் கொடுத்தால் போதும், மிச்சம் அதுவே செய்துவிடும். புரதத்துக்கு எத்தனையால் பெருக்க வேண்டும் என்ற கட்டத்தை நிரப்ப அவரிடம் போனேன். அன்று என் கையில் ஒரு தீவன டப்பா இருந்தது. அவர் டப்பாவைப் பார்த்தார். ஆறே கால் என்றார். திரும்பிக் குழாயைத் திருகினார். எல்லாவற்றுக்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஊர் வம்பெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவள் நான். இவரிடம் நின்று இன்னொரு கேள்வி கேட்கப் பிடிக்கவில்லை. வந்து எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டேன். போன வருடப் பரீட்சைக்கு வந்தது தீவனம், அதனால் தப்பித்தோம். மாவு ஆலைக்காரர்களுக்கும் கடலைக்காரர்களுக்கும் புரதம் கூடுதலாக வந்தது, கூடுதலாக வந்தால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? பால்காரர்கள் தங்கள் பாலைத்தான் குறை சொல்லியிருப்பார்கள்.

அக்கா எழுந்தார். மேலாளரிடம் போகலாம் என்றார். போனால் பதினான்கு மாத அறிக்கையையும் திரும்பப் பெற வேண்டியிருக்கும், பால் பவுடரை மட்டும் சரி செய்துவிட்டு இதை அமுக்கிவிடலாமே என்று இழுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

மேலாளர் முழுவதையும் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. இந்த எண்ணை யார் கொடுத்தது என்றார்.

"நான்தான் சார் சொன்னேன்," என்றார் அக்கா.

அது பொய்யும் இல்லை. நான் வாய் திறக்கவில்லை. அச்சான அறிக்கையை ஒரு தடவையாவது கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டாமா, இருபத்தாறு வருட அனுபவம் எதற்கு என்று மேலாளர் கேட்டார். வேண்டியதுதான் என்றார் அக்கா. கண்ணில் குறை இல்லை என்பது வெட்ட வெளிச்சமாகியும், திங்கட்கிழமை முதல் அவருக்குக் கோப்பறை. அங்கே உட்கார்ந்து, பிழையாகப் போன முந்நூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகளையும் கையால் திருத்த வேண்டும்.

அறிக்கைக் கட்டுகளைச் சுமந்து போனவள் நான். விளக்குக்குக் கீழே அவர் ஒவ்வொரு தாளாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். மூன்று நாளும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தாளை வாங்கும்போது இடது கை தன்னையறியாமல் திருகைத் தேடுவதுபோல மேசை மேல் அசைந்தது. நான்காம் நாள், ஒவ்வொரு திருத்தத்திலும் பிழைக்குக் காரணம் என்ற இடத்தில் எழுதத் தொடங்கினேன்: தீவனத்துக்குச் சொன்ன எண்ணைக் கேட்காமல் எல்லா உணவுக்கும் பதிந்தது, பதிவு மேசை. கீழே என் கையெழுத்து. முந்நூற்றுப் பன்னிரண்டு முறை எழுதி, மேலாளர் மேசையில் கொண்டு போய் வைத்தேன்.

அக்கா மேசைக்குத் திரும்பினார். கோப்பறை எனக்கு வந்தது. நியாயம்தான்.

இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் சுவரோடு பேசினேன். பிறகு அதுவும் நின்றுவிட்டது. யாராவது கோப்புக் கேட்டு வந்தால் தலையை ஆட்டி எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். பேசத் தெரியாமல் இல்லை. வந்தவர்கள் நிற்பதில்லை, அவ்வளவுதான். மேலே கூடத்தில் என்னையும் திமிர் பிடித்தவள் என்று இப்போது சொல்கிறார்களாம்.

நேற்று மதியம் படியில் செருப்புச் சத்தம். அக்கா. சாப்பாட்டு டப்பாவை என் மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்தார். பாதி சாப்பிட்ட பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இன்னிக்குக் காளான் வந்திருக்கு."

நான் தலையை ஆட்டினேன்.

"அதுல இருக்கிற நைட்ரஜன் முழுசும் புரதத்தோடது இல்ல. கொஞ்சம் அதோட நார்லயே இருக்கு." கொஞ்ச நேரம் டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "எத்தனையால பெருக்கணும்னு கேளேன்."

கேட்டேன்.