ஒன்வேயில் வரமாட்டேன்

சீசன் தொடங்கியதும் கொடைக்கானலில் சாலைகளின் திசை மாறிவிடும். நேற்றுவரை இரண்டு பக்கமும் வண்டி ஓடிய ஏரிச் சாலையை அந்த வருடம் ஒருவழியாக்கினார்கள். சங்கிலி போட்ட தடுப்பும், நுழையாதே என்ற சிவப்புப் பலகையும் வந்தன. ஊர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே பழகிக்கொண்டார்கள். பழகாதது எங்கள் போனில் இருந்த மேப் மட்டும்தான்.

நான் சாப்பாடு டெலிவரி செய்கிறவள். அதற்கு முன் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கொரோனாவில் விடுதியை மூடினார்கள். திறந்தபோது என்னைக் கூப்பிடவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வேலை போய்விட்டதே என்று உட்கார்ந்திருக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கி, கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் எடுத்து, ஆப் கம்பெனியில் சேர்ந்துவிட்டேன்.

மூஞ்சிக்கல் பக்கத்து ஓட்டல்களில் பொட்டலத்தை வாங்கி ஏரியோரத்து விடுதிகளுக்குக் கொண்டு போவதுதான் எங்கள் வேலையில் பாதி. ஒருவழி வந்த பிறகு, ஏரிச் சாலைச் சந்திப்பிலிருந்து கண்ணுக்கு எதிரே தெரிகிற விடுதிக்குக்கூட ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் போக வேண்டும். மேப்போ தடுப்பைத் தாண்டி நேராகக் கோடு போட்டது. அந்தக் கோட்டை வைத்துத்தான் நேரமும் கணக்கிட்டது. திரையில் நொடிகள் குறையும், பிறகு சிவப்பாகும். சிவப்பானால் வாடிக்கையாளர் நட்சத்திரத்தைக் குறைப்பார். நட்சத்திரம் குறைந்தால் ஆர்டர் குறையும். ஆகவே எல்லோரும் தடுப்பின் ஓரமாக நுழைந்து எதிர்த்திசையில் போனோம். எனக்கும் ஒரு சலான் வந்தது. போட்டோவில் என் வண்டி எண்ணும், முதுகில் இருந்த பையும் தெளிவாக இருந்தன. அபராதத்தைக் கட்டினேன்.

மலைக்கிராமமான பூண்டியிலிருந்து வந்து எங்களோடு ஓட்டிய அண்ணன் ஒருவர் இருந்தார். பூண்டு விலை விழுந்த வருடம் குத்தகை நிலத்தை விட்டுவிட்டு பைக்கோடு டவுனுக்கு வந்தவர். ஒரு மதியம் ஒருவழியில் எதிராகப் போனபோது, வளைவில் வந்த சுற்றுலா வேன் அவரை ஒதுக்கியது. ஏரி வேலியில் மோதி மணிக்கட்டு முறிந்தது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது.

அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்தவரைப் பார்க்க நான் போயிருந்தபோது அவருக்கு டீம் லீடரின் போன் வந்தது. திண்டுக்கல்லில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொள்ளும் சின்னப் பையன் அவன். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, ஒன்வேல ஏன் போனீங்க? விதிமீறல்னு போட்டுட்டா இன்சூரன்ஸ்ல கேள்வி கேப்பாங்களே. அதுவும் உங்க வண்டி வெள்ளை போர்டு, கூலிக்கு ஓட்டப் பதிஞ்சது இல்ல."

அண்ணன் கட்டிலில் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் போனை வாங்கினேன்.

"தம்பி, அந்த வழில போகச் சொன்னது உங்க மேப்புதானே?"

"மேப்பு சும்மா வழி காட்டுறதுக்குக்கா. ரூல்ஸ் நீங்கதான் பாக்கணும்."

"சரி, பாத்துக்கிறோம்" என்றேன்.

வேறு எதுவும் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கோபத்தில் வந்த சொல். ஆனால் வெளியே வந்து, மற்ற ஓட்டிகள் டீக்கடையில் கூடியிருந்தபோது அதையே திருப்பிச் சொன்னேன். "ரூல்ஸ் நம்மதான் பாக்கணுமாம். அப்ப நாளையிலருந்து பாப்போம். ஒன்னு விடாம."

ஸ்ட்ரைக் செய்யலாம் என்றார் ஒருவர். ஸ்ட்ரைக் செய்தால் ஐடியை முடக்கிவிட்டு வேறு ஆள் எடுப்பார்கள். சட்டப்படி ஓட்டுகிறவனை எந்தக் காரணம் சொல்லி நீக்குவார்கள்? அதுதான் என் கேள்வி. யோசித்து, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையிலிருந்து நாங்கள் ஊரிலேயே ஒழுங்கான ஓட்டிகள் ஆனோம். தடுப்பு இருந்தால் ஏரியைச் சுற்றினோம். வண்டி நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தவில்லை. தள்ளி நிறுத்திவிட்டு, பையோடு நடந்து போனோம். ஓடும்போது புது ஆர்டர் வந்து போன் கத்தினால் கை வைக்கவில்லை. வழி பார்க்க ஹேண்டிலில் போன் மாட்டியிருக்கலாம், ஆனால் ஓட்டிக்கொண்டே கையில் எடுத்தால் ஆயிரம் ரூபாய், அடுத்த முறை அதைப் போல் பத்து மடங்கு. ஓரமாக நிறுத்தி எடுப்பதற்குள் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த வேறு ஆளும் எங்களில் ஒருவர்தான். அவரும் ஓரம் தேடிக்கொண்டிருப்பார்.

மதியத்துக்குள் ஓட்டல் மேசைகளில் பொட்டலங்கள் குவிந்தன. ஓட்டல்காரர்கள் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். எங்கள் திரைகள் எல்லாம் சிவப்பு. நட்சத்திரம் மளமளவென்று இறங்கியது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏரியைச் சுற்றும்போது, படகுத்துறையில் மூடுபனி விலகுவதை அந்த சீசனில் முதல் முறையாகப் பார்த்தேன்.

சந்திப்பில் நிற்கும் சப்-இன்ஸ்பெக்டருக்கே ஆச்சரியம். "ஏம்மா, என்ன எல்லாரும் ஒரே நாள்ல திருந்திட்டீங்க?"

"திருந்தலைங்க சார். சொன்னதக் கேக்குறோம்."

மூன்றாம் நாள் என் ஸ்கூட்டரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. மெக்கானிக்கிடம் விட்டேன். அன்று டீம் லீடரே பஸ் ஏறி மேலே வந்துவிட்டான். டீக்கடை வாசலில் நின்ற என்னிடம், "அக்கா, வண்டி இல்லைன்னு சும்மா நிக்காதீங்க. அண்ணனோட பைக் சும்மாதானே கெடக்கு, அதை எடுங்க. அவரு ஐடியிலயே ஓட்டுங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

"அது கியர் வண்டி. என் லைசென்ஸ் கியர் இல்லாததுக்கு."

"மலையில யாருக்கா அதெல்லாம் பாக்குறா?"

"நாளைக்கு அடிபட்டா இன்சூரன்ஸ்காரங்க பாப்பாங்க. அப்பயும் நீதான் போன் போட்டு, ஏன்க்கா கியர் வண்டி எடுத்தீங்கன்னு கேப்ப."

அவன் முகம் சுருங்கியது. கெட்டவன் இல்லை. அவனுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் ஏதோ ஒரு திரை சிவப்பாகிறது. ஆனால் அதை நினைத்து இரக்கப்பட எனக்கு அன்று மனம் வரவில்லை.

பிற்பகலில் ஸ்கூட்டர் தயாராகி வந்தது. உடனே ஒரு ஆர்டரும் வந்தது. பிரியாணி, ஏரிக்கு அந்தப் பக்கத்து விடுதிக்கு. நான் அவனைப் பார்த்தேன்.

"ஏறு தம்பி. நீயே வந்து பாரு."

ஏறப் போனான். "ஹெல்மெட் எங்க?"

"பின்னாடி உக்காருறதுக்குமா?"

"பின்னாடி உக்காருறவங்களுக்கும்தான். ரூல்ஸ் நான்தானே பாக்கணும்."

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். பெரிதாக இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான்.

தடுப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். "இங்கருந்து பாரு, அந்தா தெரியுதே பச்சைக் கூரை, அதுதான் விடுதி. மேப்பு என்ன சொல்லுது?"

"நேராப் போகச் சொல்லுது."

"பலகை என்ன சொல்லுது?"

அவன் சிவப்புப் பலகையைப் பார்த்தான். நான் இடது பக்கம் திருப்பினேன். ஏரிச் சாலை முழுக்கக் கார்கள். சைக்கிள்காரர்கள், குதிரைகள், குறுக்கே ஓடும் குழந்தைகள். அவனுடைய போனில் நேரம் சிவப்பானது. வண்டி நகரும்போதெல்லாம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் வெரசா போகக்கூடாதா?"

"குதிரை மேல ஏத்தவா?"

பாதிச் சுற்றில் வாடிக்கையாளர் கூப்பிட்டார். நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. அடுத்த அழைப்பு கம்பெனி வழியாக அவனுக்கே போனது. அந்த ஆள் கத்தியது எனக்கும் கேட்டது. "சாரி சார், ஒன்வே சார், வந்துட்டே இருக்கோம் சார்" என்று அவன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் நாள் முழுக்கச் சொல்கிற அதே வார்த்தைகள்.

விடுதி வாசலில் பிரியாணி ஆறியிருந்தது. வாங்கியவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். படியிறங்கும்போது அவன், "நான் மேல பேசுறேன்க்கா" என்றான்.

"பேசறது இருக்கட்டும். ஒன்வேல போகணும்னா அதை மெசேஜ்ல எழுதி அனுப்பு. இல்ல, மேப்ப மாத்து. ரெண்டுல ஒன்னு."

சட்டத்தை மீறச் சொல்லி எழுதி அனுப்ப யாராலும் முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

அந்த வாரமே மேப் மாறியது. நேராகப் போன கோடு ஏரியைச் சுற்றி வளைந்தது. நேரமும் அதற்கேற்ப நீண்டது. அந்த நாட்களில் இறங்கிய எங்கள் நட்சத்திரங்களைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அண்ணனின் மருத்துவச் செலவை, நாங்கள் விடாமல் கேட்டதில், கம்பெனியின் விபத்துக் காப்பீட்டில் ஒரு பகுதி கொடுத்தார்கள். அவர் குணமானதும் ஊருக்கே திரும்பிவிட்டார். போன மாதம் கேரட் அறுவடை என்று பேசினார்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. சீசன் முடியும் நேரத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் சோதனைக்கு வந்து எங்களை வரிசையாக நிறுத்தினார். காப்பீடு, புகைச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. என் நம்பர் பிளேட்டைத் தட்டிக் காட்டினார்.

"சொந்த உபயோகத்துக்குப் பதிவு பண்ணுன வண்டிம்மா இது. கூலிக்குச் சாமான் கொண்டு போறதுன்னா போக்குவரத்து வண்டியா மாத்திப் பதியணும். மஞ்சள் போர்டு, தகுதிச் சான்று, அதுக்குத் தனி இன்சூரன்ஸ். இன்னைக்கு எச்சரிக்கையா விடுறேன். எழுதுனா ஆயிரக்கணக்குல போகும்."

"மாத்துறோம் சார். வரியும் இன்சூரன்ஸும் யாரு கட்டுறது?"

"வண்டி யாரோடதோ அவங்கதான்."

"வண்டி என்னோடது. சோலி கம்பெனியோடது. வெள்ளை போர்டுன்னு தெரிஞ்சுதான் ஆர்சியை வாங்கிப் பாத்துச் சேத்தாங்க."

அவர் ஆர்சியைத் திருப்பிக் கொடுத்தார். "அதை அவங்ககிட்டதான் கேக்கணும்" என்றார். அதில் எரிச்சல் இல்லை.

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மாற்றும் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும் என்று எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்பினோம். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நல்ல முடிவு வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று போனில் டீம் லீடர் கேட்டான். அவன் இப்போது என்னிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசுகிறான்.

"மஞ்சள் போர்டு இல்லாத வண்டில சாப்பாடு கொண்டு போறது தப்புன்னு அதிகாரியே சொல்லிட்டாரு தம்பி" என்றேன். "நாங்க ரூல்ஸ் மீறமாட்டோம்னு உனக்குத்தான் தெரியுமே."

முடிவு வரும்வரை ஓட்டத்தான் வேண்டும்; போனை வைத்தேன். நான் ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியைக் கிளப்பினேன். நாயுடுபுரத்தில் ஒருவர் இட்லிக்குக் காத்துக்கொண்டிருந்தார்.