யமுனா அக்காவின் சைடு போட்டோ

சித்தூர், திருப்பதி இரண்டு ஜில்லாவிலும் உள்ள சிற்பிகள் எல்லாரும் ஒன்றுகூடி உளி எடுத்தாலும், எங்கள் அக்கா யமுனா சைக்கிளில் குனிந்து உட்காரும் அந்த முதுகைச் செதுக்க முடியாது. அந்த முதுகின்மேல் ஒரு டீ கிளாஸை வைத்தால் பலமனேர் போய்ச் சேரும்வரை சொட்டு சிந்தாது. நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். சிந்தியது. அது கிளாஸின் தப்பு.

அக்காவுக்கு இருபத்து நாலு வயது. சித்தூரில் ஒரு பால் பண்ணையில், கேனில் வரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மத்தியானம்தான் ஷிப்ட். அதனால் விடிந்ததும் ரேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு பங்காருபாளையம் தாண்டி, மொகிலி கணவாய் ஏறி, பலமனேர் எல்லையைத் தொட்டுவிட்டுத் திரும்பி இறங்கி வருவாள். நான் பிரேமலதா. இண்டரில், அதாவது பிளஸ் டூவில், மேத்ஸ் போய்விட்டது. வீட்டில் இருக்கிறேன். ஸ்கூட்டிக்கு லைசென்ஸ் இருக்கிறது, வேறு தகுதி எதுவும் இல்லை.

மாநில அணிக்கு ஆள் எடுக்கிற செலக்‌ஷன் வரப்போகிறது என்றதும், திருப்பதியில் இருக்கிற கோச் முரளிதரன் சார் தன்னிடம் பயிற்சி எடுக்கிற எல்லாரையும் ஒரு சைடு போட்டோ அனுப்பச் சொன்னார். தினமும் அவரால் சித்தூர் வர முடியாது. போட்டோமேல் இடுப்பு எலும்பிலிருந்து முழங்காலுக்கு ஒரு கோடு, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு ஒரு கோடு, இடுப்பிலிருந்து தோளுக்கு ஒரு கோடு போடுவார். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்து சீட் உயரம் சொல்வார். முதுகு தரையோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, கை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்து ஹேண்டில் தூரம் சொல்வார். வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் பார்க்கவே கோடு போடுவார். குரூப்பில் நாற்பது பேர், முக்கால்வாசி ஆம்பிளைகள்.

அதனால்தான் அக்கா அன்றைக்கு டைட்டான ரேஸ் டிரஸ்ஸை விட்டுவிட்டு, முட்டிக்குக் கீழே தொங்குகிற பழைய குர்தாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினோம். எங்கள் நைனா கன்னையா போன் பிடித்தார். பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை நேராக நிறுத்துகிற வேலை எனக்கு.

என்னை நம்பி அந்த வேலையைக் கொடுத்ததுதான் வினை. போன பொங்கலுக்கு இதே மாதிரி பிடித்துக்கொண்டிருந்தபோது, சும்மா ஒரு தமாஷுக்குக் கையை விட்டிருந்தேன். அக்கா சாணிக்குட்டையில் விழுந்தாள். ஊரே சிரித்தது, நான்தான் ரொம்ப சிரித்தேன்.

"விட்டே, கொன்னுடுவேன்" என்றாள்.

"விடமாட்டேங்கா. தாயார் மேல ஆணை."

அவள் நம்பவில்லை. சீட்டில் முழுசாக உட்காராமல், நுனியில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். எப்போது வேண்டுமானாலும் தரையில் ஊன்றலாம் என்று கீழ்க்காலின் விரலைத் தரையைப் பார்த்து நீட்டி வைத்துக்கொண்டாள். நைனா வேறு, "நிமிர்ந்து உக்காரும்மா, கூன் விழுந்த மாதிரி கீது" என்றார். அவருக்குப் போட்டோ என்றால் கல்யாணப் போட்டோதான். அக்கா நிமிர்ந்தாள். முழங்கை மடங்கியது. குர்தா சீட்டை மூடியது. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கடவுளுக்கே தெரியாது.

சார் கோடு போட்டு அனுப்பினார். முழங்கால் முப்பது டிகிரிகிட்ட மடங்கினால் போதும், இது நாற்பத்தைந்து தாண்டுகிறது, சீட் தாழ்வு, ஒன்றரை சென்டிமீட்டர் ஏற்று. முதுகு ரொம்ப நிமிர்ந்திருக்கிறது, கை மடங்கிக் கிடக்கிறது, ஹேண்டில் கிட்டே இருக்கிறது, அதைப் பிடிக்கிற ஸ்டெம்மை நீளமானதாக மாற்று. புது உட்காருதல் பழக இரண்டு வாரம் ஆகும், வலித்தால் பயப்படாதே. குரூப்பில் எல்லாரும் கட்டைவிரல் தூக்கினார்கள். சீட்டு ஏறியது. ஸ்டெம் மாறியது.

முதல் வாரம் அக்கா வழக்கம்போலக் கணவாய் ஏறி இறங்கினாள். அப்புறம் ஒருநாள் சோறு துன்னும்போது தம்ளரை எடுக்கப்போனாள், தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"சுண்டு விரலும் பக்கத்து விரலும் செத்துப் போவுதுடி. எறக்கத்துல பிரேக் புடிக்கிறனா இல்லியான்னே தெரியல. கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சிக்கிறேன்."

"சார்கிட்ட சொல்லு."

"சார் பழகணும்னு சொல்லிட்டாரு. பயந்தாங்கொள்ளின்னு நெனச்சா லிஸ்ட்டுல இருந்து எடுத்துடுவாரு. அம்மாகிட்ட மூச்சு விட்டே, சைக்கிள அன்னிக்கே வித்துடும்."

மொகிலி கணவாய் இறக்கம் எப்படி என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். பெங்களூர் லாரி, பலமனேர் தக்காளி லோடு, பஸ், எல்லாம் அதே வளைவில்தான் இறங்கும். பிரேக்கை நம்பாமல் அதில் இறங்குகிறவள் என் அக்கா. மறுநாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு மணிவரை தூங்குகிற பிள்ளை என்று வீட்டில் எனக்குப் பேர். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்டே, அவள் கிளம்பியதும் போர்வைக்குள் தலையணையைத் திணித்துவிட்டு, சத்தம் கேட்காமல் ஸ்கூட்டியைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய், அதில் பின்னால் போனேன். தூரமாக. அவள் கண்ணில் படாமல்.

பின்னாலிருந்து பார்த்தபோதுதான் பயம் இன்னும் ஜாஸ்தியாச்சு. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இறங்கியது, எட்டாத பெடலை எட்டிப் பிடிக்கிற மாதிரி. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. கை மரக்கட்டை மாதிரி விறைத்து, உடம்பு பாரம் முழுக்க உள்ளங்கையில் கிடந்தது. டீ கிளாஸ் வைக்கிற முதுகு இல்லை அது.

ஒரு காலை இறக்கத்தில் தக்காளி லாரி ஒன்று அவளுக்கு முன்னால் திடீரென்று வேகம் குறைத்தது. பின்விளக்கு சிவந்தது எனக்குத் தெரிந்தது. அக்கா விரல் பிரேக் லீவரில் இருந்தது தெரிந்தது. சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. லாரியின் பின்பலகை அவள் முகத்துக்கு நேராக வந்துகொண்டே இருந்தது. நான் கத்தினேன், ஹெல்மெட்டுக்குள்ளேயே செத்துப்போனது அந்தச் சத்தம். கடைசி நொடியில் அவள் ஓரத்து ஜல்லிக்குத் திருப்பினாள். பின்சக்கரம் வழுக்கி, இழுபட்டு, மைல்கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. இறங்கி, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் உதறிக்கொண்டே இருந்தாள். வாயால் ஊதினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கலாம். போனால் பின்னால் வருவது தெரிந்துவிடும், நாளைக்கு வேறு வழியில் போய்விடுவாள். வளைவுக்கு மேலே ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு, யாருக்காவது காட்ட வேண்டியிருக்கும் என்று மறு கையால் போனில் வீடியோ எடுத்தபடி நின்றேன். என் கையும் மரத்துப்போயிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அந்தப் பழைய போட்டோவை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாருக்கு அனுப்பும்போது வெட்டிவிட்ட ஓரத்தில், பல்லை இளித்துக்கொண்டு என் பாதி மூஞ்சி. நடுவில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற அக்கா. ஓட்டும்போது அவள் பாதம் இப்படி விரலை நீட்டிக்கொண்டு இருக்காது. இவ்வளவு முன்னால் உட்காரவும் மாட்டாள். சார் அளந்தது அவள் சைக்கிள் ஓட்டுவதை அல்ல, என்னைப் பார்த்துப் பயந்ததை.

திரும்ப போஸ் கொடு என்றால் திரும்பவும் நிமிர்வாள். அவளுக்குத் தெரியாமல் எடுப்பதுதான் வழி. பங்காருபாளையம் தாண்டி ரோடு மட்டமாக ஓடுகிற இடத்தில், ஓரத்து மாந்தோப்புக்குள் தள்ளிப்போய் நின்றேன். கிட்டே நின்று எடுத்தால் போனில் காலும் கையும் கோணலாகத் தெரியும் என்று அதற்குள் படித்துவிட்டிருந்தேன். தூரத்திலிருந்து ஜூம் பண்ணி, ரோட்டுக்கு நேர் குறுக்காக, அவள் இடுப்பு உயரத்துக்குப் போனை ஸ்கூட்டி சீட்டின்மேல் வைத்து வீடியோ எடுத்தேன். ஒருநாள் டிராக்டர் மறைத்தது. ஒருநாள் எருமை. ஒருநாள் என் விரல். கடைசியில் ஒன்று சுத்தமாக வந்தது. சார் நம்பருக்குத் தனியாக அனுப்பி, தம்ளர் விழுந்ததையும் லாரியையும் எழுதினேன்.

அவர் உடனே போன் செய்தார். போனுக்கு இந்தப் பக்கத்துக் கால் பெடலோடு அடியில் இருக்கிற இடத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார். மிதித்துக்கொண்டு போகும்போது முப்பது, முப்பத்தைந்து மடங்க வேண்டிய முழங்கால் இருபதுகூட மடங்கவில்லையாம். முழங்கை பூட்டிக் கிடக்கிறதாம், அதனால் பாரம் உள்ளங்கையில் இறங்கி நரம்பை நசுக்குகிறதாம்.

"நிக்க வெச்ச போட்டோவுல கோடு போட்டது என் தப்பும்மா. விரல் தரையப் பாக்குது, அத நான் பாத்திருக்கணும். ஏன் அப்பிடி உக்காந்தா? யாரு புடிச்சிக்கினது?"

"பக்கத்து வூட்டுப் பையன் சார்" என்றேன்.

"சரி. யமுனாவ இன்னிக்கிலருந்து கணவாய்ல எறங்க வேணான்னு சொல்லு. சீட்டையும் ஸ்டெம்மையும் பழைய எடத்துக்குக் கொண்டாங்க. அப்புறம் மறுபடி வீடியோ வேணும், ஓட்டுற வீடியோ."

அக்காவிடம் அவரே பேசினார். லிஸ்ட்டில் பேர் அப்படியே இருக்கிறது, மரத்துப்போவதை மறைப்பதுதான் தப்பு என்றாராம். சீட் இறங்கியது. பழைய ஸ்டெம் ஏறியது. சில நாள் மட்டமான ரோட்டில் மட்டும் ஓட்டினாள். விரலுக்கு உயிர் திரும்ப அவ்வளவு நாள் ஆனது. அந்த நாட்களில் தினமும் அவள் தம்ளரை எடுக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

பிறகு மறுபடியும் கணவாய். வளைவில் ஒரு பஸ் முன்னால் நின்றது. அக்கா இரண்டு விரலால் லீவரைத் தொட்டாள், சைக்கிள் சொன்னபடி கேட்டது. முழங்கை லேசாக மடங்கியிருந்தது. இடுப்பு ஆடவில்லை. தூரத்தில் நான் ஸ்கூட்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் அழுதேன். தூசி ஜாஸ்தி.

வீட்டுக்கு அவளுக்கு முன்னால் குறுக்கு வழியில் வந்து, போர்வைக்குள் புகுந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்தேன். சாருக்கு வீடியோ அனுப்பவேண்டும், அவர் உன்கிட்டேதான் கேட்கச் சொன்னார் என்று அக்கா என் போனைக் கேட்டாள். சாருக்கு முன்னே போன வீடியோவை மாந்தோப்பில் ஒருநாள் எதேச்சையாக எடுத்தேன், சும்மா அந்தப் பக்கம் நாவல்பழம் பொறுக்கப் போனேன் என்றேன். தலையாட்டிக்கொண்டே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். டிராக்டர் வந்தது. எருமை வந்தது. என் விரல் வந்தது. அப்புறம் நான் அழிக்க மறந்த ஒன்று, வளைவுக்கு மேலேயிருந்து, கை ஆடி ஆடி எடுத்தது. ஜல்லியில் ஒருத்தி நின்று கையை உதறிக்கொண்டிருந்தாள்.

அக்கா அதை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். இப்போதுதான் தூங்கி எழுந்த பிள்ளை காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தது.

"பக்கத்து வூட்டுப் பையன்னு சார்கிட்ட சொன்னியாமே. எந்தப் பையண்டி?"

எங்கள் பக்கத்து வீட்டில் பையனே கிடையாது. ஒரு விதவைப் பாட்டியும் இரண்டு ஆடும்தான். நான் ஒரு ஆட்டின் பேரைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் போனை என் கையில் வைத்தாள்.

"நாளைக்குப் பின்னால வராத. பக்கத்துலயே வா. அப்பிடியே இதுல நீ ஏன் அழுதேன்னும் கேக்கணும், வீடியோவுல சத்தம் கேக்குது."