நூற்றில் அறுபது

பம்புசெட் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் அவருக்குத் தசமம் என்று பெயர். எதைக் கேட்டாலும் இரண்டு தசம இடம் வரை சொல்வார். முப்பது வருஷமாக ஒரே நாற்காலி. அதன் கைப்பிடி தேய்ந்ததும், அவர் தேய்ந்ததும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான்.

ஆண்டறிக்கையில் சட்டம் கேட்காத ஒரு பக்கம் உண்டு. மதிப்புக் கூட்டல் அறிக்கை. விற்றது நூறு கோடி. இரும்பு, மின்சாரம், லாரி வாடகை என்று வெளியில் வாங்கியது அறுபது கோடி. மிச்சம் நாற்பது கோடிதான் இங்கே உருவான செல்வம். அதில் யாருக்கு எவ்வளவு என்பதை வட்டப் படமாகப் போடுவார்கள். அந்த நாற்பது கோடியை நூறு ரூபாய் என்று வைத்தால், ஊழியர்களுக்கு அறுபது, வட்டியாகக் கடன் கொடுத்தவர்களுக்குப் பத்து, வரியாக அரசுக்குப் பத்து, பங்குதாரர்களுக்கு எட்டு. தேய்மானத்துக்கும் வளர்ச்சிக்கும் கம்பெனியிலேயே தங்குவது பன்னிரண்டு. வருஷாவருஷம் தசமம்தான் போடுவார், யாரும் படிக்க மாட்டார்கள்.

இந்த வருஷம் சம்பளப் பேச்சுவார்த்தை. நிதி இயக்குநர் அந்த வட்டத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கிச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டச் சொன்னார். அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு இன்னும் கேட்கிறார்களே என்று எல்லாருக்கும் உறைக்க வேண்டுமாம். இயக்குநர்களின் சம்பளமும் அந்த அறுபதுக்குள்தான் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் படத்தின் முன்னால் நின்றவன் தசமத்தின் மச்சான், மனைவியின் தம்பி. பதினோரு வருஷமாக அங்கே லோடு ஏற்றுகிறான், ஒப்பந்தக்காரரின் ஆளாக. நிரந்தரம் ஆகிவிட்டால் மகளைக் கல்லூரியில் சேர்க்கலாம் என்பது அவன் கணக்கு.

"இதுல நான் எங்க மாமா இருக்கேன்?"

தசமம் சாப்பாட்டை விழுங்கிவிட்டுச் சொன்னார். "நீ இதுல இல்லப்பா. வெளியில வாங்குனதுல வர்ற. கரண்ட் பில்லு, அட்டைப்பெட்டி எல்லாம் இருக்கே, அந்த வரிசை."

மச்சான் தட்டைக் கழுவப் போனான். லோடு ஆட்களை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்த வருஷம், சம்பளக் கணக்கிலிருந்து அவர்களை எடுத்துச் வெளியில் வாங்கும் சேவைக் கணக்கில் போட்டது தசமத்தின் கைதான். அப்போது ஒரு வரியை நகர்த்தியதாகத்தான் நினைத்தார். அதற்காக இப்போது வெட்கப்பட்டார்.

மறுநாள் நிதி இயக்குநரிடம் போய், ஒப்பந்த ஆட்களின் கூலி இரண்டு கோடியை ஊழியர் பங்கில் காட்டுவதே நியாயம் என்று மென்று விழுங்கிச் சொன்னார். திட்டுவார் என்றுதான் நினைத்தார். அவரோ உடனே கால்குலேட்டரைத் தட்டினார். வெளியில் வாங்கியது ஐம்பத்தெட்டு, உருவான செல்வம் நாற்பத்திரண்டு, இருபத்துநாலு கோடியாக இருந்த ஊழியர் பங்கு இருபத்தாறு. நூற்றுக்கு அறுபது அறுபத்திரண்டாகிறது. அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல யோசனை. இன்னைக்கே மாத்திடுங்க."

யாருக்கும் ஒரு சல்லிக்காசு கூடாமல் பங்கு மட்டும் கூடியது. நல்லது செய்யப்போய், ஊழியர்களை அடிக்க நிதி இயக்குநருக்கே தடி எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்று தசமத்துக்கு அலுப்பாக வந்தது. ஆனாலும் படம் மாறியது, கீழே 'ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட' என்று ஒரு வரியும் வந்தது. மச்சான் அதை இரண்டு தடவை படித்தான் என்று மனைவி சொன்னாள். மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம்கூட வாங்கிவிட்டானாம்.

பேச்சுவார்த்தையில் சங்கச் செயலாளர், கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர், அந்த வரியைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து மேஜைமேல் வைத்தார்.

"ஒப்பந்த ஆளுங்களும் உங்க ஊழியருங்கன்னு நீங்களே போட்டிருக்கீங்க. அப்ப நிரந்தரம் பண்ணுங்க."

நிதி இயக்குநர், கணக்குச் சொல்ல உடன் வந்திருந்த தசமத்தைத் திரும்பிப் பார்த்தார். தசமம் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு முறையாவது வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்தார்.

"சார், கூலிங்கறது கூலிதான், சேவை இல்ல. இப்ப போட்டிருக்கறதுதான் சரி" என்றார்.

தசமத்தின் சொல்லுக்கு அங்கே என்ன மதிப்பு? அறிக்கை இன்னும் அச்சுக்குப் போகவில்லை, இது தட்டச்சுப் பிழை என்று நிதி இயக்குநர் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் பழைய கணக்கு திரும்பி வந்தது. தசமத்திடம் அப்புறம் யாரும் அந்தப் பக்கத்தைக் கேட்கவில்லை, வேறு ஆளுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் ஏணி போட்டிருந்தது. கனமான வேலையெல்லாம் லோடு ஆட்களுக்குத்தானே. அறுபத்திரண்டைக் கழற்றி இறக்கிவிட்டு, அறுபதைத் தோளில் தாங்கிக்கொண்டு மச்சான் ஏணிமேல் நின்றான். கீழே நின்ற தசமத்தைப் பார்த்தான்.

"மறுபடியும் கரண்ட் பில்லோடயா மாமா?"

"ஆமாப்பா."

அவன் ஆணியில் படத்தை மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று கேட்டான். தசமம் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் கொஞ்சம் தூக்கு என்றார்.